45 நிமிடத்தில் அடுத்த விமானம்: இணைப்பு நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு விமானத்திலிருந்து இறங்கி, அதே நிலையத்தில் இன்னொரு விமானம் ஏறக் குறைந்தது எத்தனை நிமிடம் தேவை என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் எண் பதிவாகி இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று பெயர். விமானத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக எம்.சி.டி. என்பார்கள். இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டில் சேர்த்து விற்கலாமா, கூடாதா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. இடைவெளி அந்த எண்ணைவிட ஒரு நிமிடம் குறைந்தாலும் முன்பதிவுக் கணினி அந்த இணைப்பைக் காட்டாது. எண்ணுக்குச் சரியாக இருந்தால் எந்தத் தயக்கமும் இல்லாமல் விற்கும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 50 நிமிடம், வியன்னாவில் 30 நிமிடம் என்றெல்லாம் டிக்கெட்டில் பார்க்கும் பயணிக்கு, இது தவறுதலாக வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. பெரும்பாலும் அதில் தவறு எதுவும் இருக்காது. அந்த இணைப்பு விதிப்படிதான் விற்கப்பட்டிருக்கும். அந்த விதி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று தெரிந்தால், எந்த இணைப்பை நம்பலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை?

இணைப்பு நேரம் அட்டவணையில் அச்சான இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்டது. முதல் விமானத்தின் வருகை நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல. விமானம் தன் நிறுத்தத்துக்கு வந்து, சக்கரங்களுக்குக் கட்டை போடப்படும் நேரம். அடுத்த விமானத்தின் புறப்பாட்டு நேரமும் அது வானில் எழும் நேரம் அல்ல. கட்டை எடுக்கப்பட்டு நிறுத்தத்தை விட்டு அது நகரத் தொடங்கும் நேரம்.

இந்த இரண்டு முனைகளிலும் பயணிக்குப் பயன்படாத நிமிடங்கள் உள்ளன. கட்டை போட்ட பிறகு ஏறுபாலத்தை இணைத்துக் கதவைத் திறக்கச் சில நிமிடம் ஆகும். பெரிய விமானத்தின் பின்வரிசையில் இருப்பவர் வெளியே வர மேலும் 10, 15 நிமிடம் பிடிக்கும். மறுமுனையில், விமானம் நகர்வதற்கு 15 அல்லது 20 நிமிடத்துக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆகவே 60 நிமிட இணைப்பு என்று டிக்கெட் சொன்னாலும், நடக்கவும் வரிசையில் நிற்கவும் பயணியின் கையில் இருப்பது ஏறத்தாழ அரை மணி நேரம்தான்.

லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்த முனையம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைமைத் தளம். இதற்குள்ளேயே விமானம் மாறுவதற்கு நீண்ட காலமாக 60 நிமிடம் என்று பதிவாகி இருந்தது. ஆனால் அங்கே இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் போர்டிங் பாஸை இயந்திரத்தில் காட்ட வேண்டும். அடுத்த விமானம் புறப்பட 35 நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் இயந்திரம் கதவைத் திறக்காது. 60-இல் 35 போனால் மிச்சம் 25. கட்டை போடப்பட்ட நொடியிலிருந்து இந்த இயந்திரத்தின் முன் வந்து நிற்பதற்கான முழு அவகாசமும் அந்த 25 நிமிடம்தான். துணைக் கட்டடம் ஒன்றில் இறங்கியவர் சுரங்க ரயில் பிடித்து முதன்மைக் கட்டடத்துக்கு வரும் நேரமும் அதற்குள் அடக்கம்.

எண்ணை யார் வைக்கிறார்கள்?

அரசோ பன்னாட்டு நீதிமன்றமோ இதை விதிப்பதில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 765-ஆம் தீர்மானம் இதற்கான நடைமுறையை வகுத்திருக்கிறது. ஒரு நிலையத்தில் இயங்கும் விமான நிறுவனங்கள் கூடி, அந்த நிலையத்துக்கான பொது எண்களை ஒப்புக்கொள்கின்றன. நடைதூரம், சோதனைச் சாவடிகள், பெட்டிகளை மாற்றும் வசதி ஆகியவற்றைப் பார்த்து எண் முடிவாகிறது. பயணி போய்ச் சேர ஆகும் நேரம், அவருடைய பெட்டி போய்ச் சேர ஆகும் நேரம் என்ற இரண்டில் எது அதிகமோ, அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலுள்ள அடிப்படை.

பொது எண்கள் நான்கு வகை. உள்நாட்டிலிருந்து உள்நாடு, உள்நாட்டிலிருந்து வெளிநாடு, வெளிநாட்டிலிருந்து உள்நாடு, வெளிநாட்டிலிருந்து வெளிநாடு. குடிநுழைவுச் சோதனையும் சுங்கமும் எங்கே குறுக்கிடுகின்றன என்பதைப் பொறுத்து இவை வேறுபடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்களுக்கு ஓர் எண்ணும், இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் மாறுவதற்கு வேறு எண்ணும் இருக்கலாம்.

இந்த நான்கோடு விஷயம் முடிவதில்லை. இவற்றுக்கு மேல் ஏராளமான விதிவிலக்குகள் பதிவாகின்றன. இந்த முனையத்திலிருந்து அந்த முனையத்துக்கு இத்தனை நிமிடம், இன்ன நாட்டிலிருந்து வரும் விமானத்துக்கு இத்தனை, இன்ன எண்ணுள்ள விமானத்துக்கு மட்டும் இத்தனை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இத்தனை என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் விமானங்களுக்குத் தனியாக எண் கொடுக்கலாம். பொது எண்ணைவிடக் கூட்டியும் கொடுக்கலாம், குறைத்தும் கொடுக்கலாம். சில இணைப்புகளை விற்கவே கூடாது என்று அடைத்தும் வைக்கலாம். கணினி எப்போதும் மிகக் குறிப்பான விதியை முதலில் தேடும். அது இல்லாவிட்டால்தான் பொது எண்ணுக்குப் போகும். டிராவல் ஏஜென்டின் அமேடியஸ் திரையில் `DMFRA` என்று தட்டினால் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கான எண்கள் வந்து நிற்கும். சாதாரணப் பயணி பார்க்கும் இணையதளங்களில் இந்தப் பட்டியல் தென்படுவதில்லை.

நிலையத்தின் அமைப்பு எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்றுகள் உண்டு. வியன்னா 25 நிமிடம் என்று விளம்பரமே செய்துகொண்டது. அங்கே கேட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. லுஃப்தான்சாவும் விமான நிலைய நிர்வாகமும் கூட்டாகக் கட்டி 2003-இல் திறந்த மியூனிக் இரண்டாம் முனையம் 30 நிமிடத்தை இலக்காக வைத்தே வடிவமைக்கப்பட்டது. அளவில் பெரிய ஃபிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிடம் என்பது நெடுநாள் வழக்கம். அங்கே தரைக்கடியில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் பெட்டி கடத்தும் பட்டைகள் இல்லாவிட்டால் அந்த எண் சாத்தியமே இல்லை. ஹீத்ரோவில் முனையம் விட்டு முனையம் மாறப் பேருந்து ஏற வேண்டும் என்பதால் மூன்றிலிருந்து ஐந்துக்குப் போக 90 நிமிடம் வரை கேட்கிறார்கள்.

கணினி கேட்கும் ஒரே கேள்வி

சென்னையிலிருந்து பாரிஸுக்கு ஒருவர் டிக்கெட் தேடுகிறார். முன்பதிவுக் கணினி உலகின் விமான அட்டவணைகளை எடுத்து, சென்னையிலிருந்து புறப்படும் விமானங்களையும் பாரிஸில் இறங்கும் விமானங்களையும் நடுவில் ஓர் ஊரில் கோத்துப் பார்க்கிறது. அப்படிக் கோக்கும்போது அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அட்டவணைப்படி உள்ள இடைவெளி, பதிவான குறைந்தபட்ச நேரத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கிறதா? ஆம் என்றால் இணைப்பு செல்லும். இல்லை என்றால் செல்லாது. சென்ற மாதம் இந்த விமானம் எத்தனை நாள் தாமதமாக வந்தது, பயணிக்கு 25 வயதா 75 வயதா, அவர் எந்த வரிசையில் உட்காருகிறார் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இல்லை.

செல்லும் என்று தேறிய இணைப்புகளை வரிசைப்படுத்துவது அடுத்த வேலை. இங்கேதான் நெருக்கமான இணைப்புகள் மேலே ஏறுகின்றன. டிராவல் ஏஜென்டுகளின் திரையில் முதல் பக்கத்தில் வரும் விமானங்களே பெரும்பாலும் விற்கும் என்பது கணினி முன்பதிவு தொடங்கிய காலத்திலிருந்தே நிறுவனங்களுக்குத் தெரியும். கணினியின் சொந்தக்கார நிறுவனங்கள் தங்கள் விமானங்களை மேலே காட்டிக்கொண்டதால் அமெரிக்காவில் 1984-இல் கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவிலும் நடத்தை விதிகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதியின்படி, கட்டணத்தை வைத்து வரிசைப்படுத்தாவிட்டால், இணைப்பு விமானங்களை மொத்தப் பயண நேரத்தின் வரிசையில் காட்ட வேண்டும். இன்றைய இணையதளங்களிலும் "மிகக் குறைந்த நேரம்" என்று வடிகட்டும் வசதி இல்லாத இடம் இல்லை.

மொத்தப் பயண நேரத்தைக் குறைக்க நிறுவனத்துக்கு இருக்கும் வழிகள் குறைவு. விமானத்தின் வேகத்தைக் கூட்ட முடியாது. தரையில் காத்திருக்கும் நேரத்தைத்தான் குறைக்கலாம். 90 நிமிட இணைப்பு உள்ள பயணத்தைவிட 50 நிமிட இணைப்பு உள்ள பயணம் பட்டியலில் மேலே நிற்கும். பாதுகாப்பான இணைப்பு கீழே போய் யார் கண்ணிலும் படாமலும் போகலாம்.

நிமிடத்துக்கு எத்தனை ஊர்கள்?

திரையில் இடம் பிடிப்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெரிய இணைப்பு நிலையங்கள் அலை அலையாக இயங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் பல ஊர்களிலிருந்து விமானங்கள் வந்து குவியும். சிறிது நேரம் கழித்து அவை பல ஊர்களுக்குக் கிளம்பிப் போகும். வந்தவர்கள் எல்லாம் போகிறவர்களாக மாறுவதற்கான இடைவெளி நடுவில் இருக்கும்.

கணக்குக்காக ஓர் அலையை எடுத்துக்கொள்வோம். காலை 7 முதல் 8 மணிக்குள் சீரான இடைவெளியில் 40 விமானங்கள் வருகின்றன. 8.30 முதல் 9.30-க்குள் 40 விமானங்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு வருகையையும் ஒவ்வொரு புறப்பாட்டோடும் கோத்தால் 1,600 ஜோடிகள். குறைந்தபட்ச இணைப்பு நேரம் 45 நிமிடம் என்றால், கடைசியாக வரும் சில விமானங்களுக்கும் முதலில் கிளம்பும் சில விமானங்களுக்கும் இடையில் மட்டும்தான் இணைப்பு அறுபடும். இழப்பது ஏறத்தாழ 50 ஜோடிகள். 60 நிமிடம் என்று உயர்த்தினால் ஏறத்தாழ 200 ஜோடிகள் விற்பனையிலிருந்து போய்விடும். 90 நிமிடம் என்றால் 800, அதாவது சரிபாதி.

அவற்றை மீட்க வேண்டுமானால் புறப்படும் அலை முழுவதையும் தள்ளிப்போட வேண்டும். அப்போது விமானங்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் தரையில் சும்மா நிற்கும், கேட்டுகள் அடைபடும், நாளொன்றுக்கு ஓட்டக்கூடிய நடைகள் குறையும். 15 நிமிடம் கூட்டிக் கொடுப்பது பயணிக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். நிறுவனத்துக்கோ அது நூற்றுக்கணக்கான ஊர் ஜோடிகளின் விற்பனை. எண் ஏன் எப்போதும் கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது என்பதற்கு இதுவே விடை.

இதற்கு எதிரான இழுப்பும் உண்டு. இணைப்பைத் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது, அறை எடுத்துக் கொடுப்பது, பெட்டியைத் தேடி அனுப்புவது எல்லாம் நிறுவனத்தின் செலவு. அதனால் எத்தனை பேர் தவறவிடுகிறார்கள் என்பதை நிறுவனங்கள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட விமானம் அடிக்கடி தாமதமானால் அதற்கு மட்டும் நேரத்தைக் கூட்டிப் பதிவு செய்வதும், அன்றைய கடைசி விமானத்தோடு உள்ள நெருக்கமான இணைப்பை அடைப்பதும் இந்தக் கவனிப்பின் விளைவு. மாறாக, அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அதே ஊருக்கு இன்னொரு விமானம் இருந்தால், நூற்றில் சிலர் தவறவிடுவதை நிறுவனம் பொறுத்துக்கொள்ளும். அந்தச் சிலரில் தாமும் ஒருவர் என்பது பயணிக்கு அன்றுதான் தெரியவரும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 55 நிமிடம்

எண் நடைமுறையில் எப்படிச் செலவாகிறது என்பதை ஒரு பயணத்தை வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் விமானம் காலை 8.00 மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட் வருகிறது. பாரிஸ் விமானம் 8.55-க்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 55 நிமிடம். 45-ஐவிட 10 நிமிடம் அதிகம். கணினிக்கு மனநிறைவான இணைப்பு.

8.00 மணிக்குக் கட்டை போடப்படுகிறது. 8.05-க்குக் கதவு திறக்கிறது. பின்பகுதியில் இருக்கும் பயணி ஏறுபாலத்தில் கால் வைக்கும்போது 8.15. நடந்து பாதுகாப்புச் சோதனைக்கு வரும்போது 8.20. இந்தியாவிலிருந்து வருபவர்களை ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுபடியும் சோதிக்கிறார்கள். எனவே கைப்பையைத் தட்டில் வைத்துத்தான் தீர வேண்டும். அடுத்து கடவுச்சீட்டுச் சோதனை. பாரிஸ் விமானம் ஷெங்கன் பகுதிக்குள் செல்வதால், ஷெங்கனுக்குள் நுழையும் சோதனையும் விசாரணையும் பாரிஸில் அல்ல, ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடக்கும். இரண்டு வரிசைகளிலும் ஐந்தைந்து நிமிடம்தான் ஆனது என்றால் 8.30. அங்கிருந்து கேட்டுக்குப் பத்து நிமிட நடை. 8.40. கேட் மூடும் நேரமும் 8.40.

எல்லாம் சரியாக நடந்தால் இணைப்பு கிடைக்கிறது. அந்த அர்த்தத்தில் எண் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு வரிசை ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக 15 நிமிடம் எடுத்தால் கேட் மூடியிருக்கும். காலை நேரத்தில் ஆசியாவிலிருந்து பல பெரிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் நிலையத்தில் 15 நிமிட வரிசை என்பது அதிசயம் அல்ல.

இதே விமானத்திலிருந்து இறங்கி நியூயார்க் போகிறவருக்குக் கதை வேறு. அவர் ஷெங்கனுக்குள் நுழைவதில்லை. கடவுச்சீட்டு வரிசை அவருக்கு இல்லை. சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கோ, அந்த நாட்டின் சோதனையை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டிருப்பதால், பாதுகாப்புச் சோதனையே மறுபடி தேவையில்லை. தனி விதிவிலக்கு எதுவும் பதிவாகாத வரை மூவருக்கும் கணினி ஒரே எண்ணைத்தான் பயன்படுத்தும்.

எண்ணுக்குள் இல்லாதவை

முதலாவது, கடவுச்சீட்டு. ஜெர்மானியர் தானியங்கிக் கதவில் முகத்தைக் காட்டிக் கடந்துவிடுவார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதிகாரியின் முன் நின்று விசாவைக் காட்ட வேண்டும். 2025 அக்டோபர் 12 அன்று ஐரோப்பிய நாடுகள் படிப்படியாகத் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில், வெளிநாட்டவரின் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கப்படுகின்றன. முதல் முறை வருபவருக்கு இது கூடுதல் நிமிடங்கள். இணைப்பு நேரப் பட்டியலில் பயணியின் நாட்டுக்கென்று ஒரு பத்தி கிடையாது.

இரண்டாவது, தாமதம். விமானத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்ட விமானம் குறித்த நேரத்தில் வந்ததாகவே எண்ணப்படும். 14 நிமிடம் தாமதமான விமானம் புள்ளிவிவரத்தில் தாமதம் இல்லை. 55 நிமிட இணைப்பில் அதே 14 நிமிடம் கால் பங்குக்கு மேல். நடைமுறையில் பல நெருக்கமான இணைப்புகள் தப்பிப்பதற்குக் காரணம், நிறுவனங்கள் பறக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டியே அட்டவணை போடுவதுதான். பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே வந்து நிற்கும் விமானங்கள் பல. இணைப்பின் உண்மையான மெத்தை அந்தக் கூடுதல் நேரத்தில் ஒளிந்திருக்கிறது. இணைப்பு நேரத்தில் அல்ல.

மூன்றாவது, பெட்டி. பயணி ஓடலாம், பெட்டி ஓடாது. அது விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி, வண்டியேறி, சோதனைக்குள்ளாகி, பிரிக்கப்பட்டு, அடுத்த விமானத்தின் வயிற்றுக்குப் போக வேண்டும். மிக நெருக்கமான இணைப்புகளுக்கு, பிரிக்கும் கூடத்துக்கே கொண்டுபோகாமல் ஒரு விமானத்தடியிலிருந்து இன்னொரு விமானத்தடிக்கு நேரே வண்டியில் எடுத்துச் செல்வதும் உண்டு. அப்படியும் தாமதமாகும் பெட்டிகளில் மிகப் பெரிய பங்கு விமானம் மாற்றும் இடத்தில்தான் தவறுகிறது.

பெட்டியும் பயணியும் சேர்ந்தே போக வேண்டும் என்ற கண்டிப்பும் இங்கே நிமிடங்களைத் தின்கிறது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்த ஏர் இந்தியா 182 விமானத்தில் குண்டு இருந்தது, வான்கூவரில் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றப்பட்டு இணைப்பாக மாற்றப்பட்ட பெட்டியில். அந்தப் பெட்டிக்கு உரிய பயணி விமானம் ஏறவே இல்லை. அதன் பின்னும் 1988 லாக்கர்பி குண்டுவெடிப்பின் பின்னும், ஏறாத பயணியின் பெட்டியை இறக்கிவிட்டுத்தான் பன்னாட்டு விமானம் கிளம்ப வேண்டும் என்ற விதி உலகெங்கும் இறுகியது. தாமதமாக வரும் ஒருவருக்காகக் கேட்டைத் திறந்து வைக்க நிறுவனங்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் வருவாரா, மாட்டாரா என்று சீக்கிரம் முடிவு செய்தால்தான் பெட்டியை இறக்க நேரம் இருக்கும்.

வாங்கிய பின் சுருங்கும் இடைவெளி

டிக்கெட் வாங்கியபோது 2 மணி நேரம் இருந்த இணைப்பு, பயண நாளில் 50 நிமிடமாக இருப்பதும் நடக்கும். விமான அட்டவணைகள் பல மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வருகின்றன. பருவம் நெருங்கும்போது நேரங்கள் மாறுகின்றன. முதல் விமானம் 30 நிமிடம் பின்னுக்கும் இரண்டாவது 40 நிமிடம் முன்னுக்கும் நகர்ந்தால், இரண்டு மணி நேரம் 50 நிமிடமாகிவிடும்.

அப்போதும் கணினி அதே கேள்வியைத்தான் கேட்கிறது. புதிய இடைவெளி குறைந்தபட்ச நேரத்துக்குக் கீழே போனால் முன்பதிவு தானாகவே எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகும். நிறுவனம் வேறு விமானம் கொடுக்கும். அந்த எண்ணுக்கு மேலே ஐந்து நிமிடம் இருந்தாலும் எச்சரிக்கை எழாது. மாற்றம் குறித்த மின்னஞ்சல் மட்டும் வரும். அதைப் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்துபவர்கள் ஏராளம். நேரம் குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தால் கட்டணமின்றி வேறு விமானம் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் அப்போது இருக்கிறது. பயண நாளில் அது இருக்காது.

தவறினால் யார் பொறுப்பு?

குறைந்தபட்ச இணைப்பு நேரத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரியும். அது இணைப்பு கிடைக்கும் என்ற உறுதிமொழி அல்ல. கிடைக்காவிட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கான எல்லைக்கோடு. ஒரே டிக்கெட்டில், விதிப்படி விற்ற இணைப்பு முதல் விமானத்தின் தாமதத்தால் தவறினால், பயணியைக் கூடுதல் கட்டணமின்றி இறுதி ஊருக்குக் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் கடமை.

ஐரோப்பாவில் இழப்பீடும் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகரிலிருந்து பாரிஸ், சாவோ பாலோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்கு ஒரே டிக்கெட்டில் கிளம்பிய பயணியின் வழக்கு இதில் முக்கியமானது. பிரெமனில் விமானம் சுமார் இரண்டரை மணி நேரம் தாமதம். அதனால் பாரிஸ் இணைப்பு போயிற்று, அதைத் தொடர்ந்து சாவோ பாலோ இணைப்பும் போயிற்று. கடைசியில் அவர் 11 மணி நேரம் தாமதமாக அசுன்சியோன் சேர்ந்தார். முதல் விமானத்தின் தாமதம் இழப்பீட்டுக்கு உரிய அளவு இல்லை என்பது ஏர் பிரான்சின் வாதம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 பிப்ரவரியில் அதை ஏற்கவில்லை. இறுதி ஊரை அடைந்த நேரத்தையே பார்க்க வேண்டும். அது மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை தூரத்தைப் பொறுத்து 250 யூரோ முதல் 600 யூரோ வரை. தாமதத்துக்குக் காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் என்றால் அது கிடையாது.

இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கியவருக்கு இந்தக் கூரை எதுவும் இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் அவர் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவே. அவருடைய பெட்டியும் கடைசி ஊர் வரை போகாது. நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம். தனித்தனி நிறுவனங்களின் மலிவு டிக்கெட்டுகளைத் தாமே ஒட்டி ஒரே பயணம்போல் காட்டும் இணையதளங்களும் உள்ளன. அவற்றில் தெரியும் இடைவெளி குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்கு உட்பட்டதல்ல.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

நெருக்கமான இணைப்பு எல்லாம் மோசமானதும் அல்ல. வியன்னாவில் ஷெங்கனுக்குள்ளிருந்து வந்து ஷெங்கனுக்குள்ளேயே போகிறவருக்கு 35 நிமிடம் போதுமானதாக இருக்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் மேலே கண்ட சென்னைப் பயணிக்கு 55 நிமிடம் போதாமல் போகலாம். நிமிடத்தை மட்டும் பார்ப்பதைவிட, நடுவில் எத்தனை வரிசைகள் என்று எண்ணுவது தெளிவைத் தரும். பாதுகாப்புச் சோதனை, கடவுச்சீட்டு, முனைய மாற்றம், பெட்டியை எடுத்து மறுபடி போடுதல் என்ற நான்கில் எவை உண்டு என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழையும்போது பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கோ கோவைக்கோ உள்நாட்டு விமானம் பிடிப்பவருக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். நான்கு வரிசைகளும் ஒன்றுசேரும் இத்தகைய இணைப்புகளில் குறைந்தபட்ச நேரத்தை ஒட்டி வாங்குவது எளிதில் கைவிட்டுப் போகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது என்பது. பாரிஸுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நாள் முழுவதும் விமானங்கள் உண்டு. ஒன்று போனால் சில மணி நேரம்தான் இழப்பு. நாளைக்கு ஒரே விமானம் போகும் ஊர் என்றால் இழப்பு முழுநாள். மூன்றாவதாக, இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் உள்ளனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணைப்பு போதாது என்று தோன்றினால், வாங்கும்போதே அதே கட்டணத்தில் அடுத்த இணைப்பைக் கேட்கலாம். பல நேரங்களில் அதுவும் அதே பட்டியலில், சில வரிகள் கீழே, கட்டண வித்தியாசம் இல்லாமல் இருக்கும்.